மூன்று பருவம், ஒரு துகள்

உங்களில் பலர் பேரன் பேத்திகளின் பையில் மெலிந்த பாடப் புத்தகங்களைப் பார்த்து, "என்ன இது, பாதிதான் இருக்கிறது?" என்று கேட்டிருப்பீர்கள். 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஆண்டுப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம், தனித் தேர்வு. வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் வளரறி மதிப்பீடு என்று 40 மதிப்பெண், பருவ இறுதியில் எழுதும் தேர்வுக்குத் தொகுத்தறி மதிப்பீடு என்று 60 மதிப்பெண்.

பையின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திய எங்களுக்கு அதில் ஒரு சிக்கல் தெரிந்தது. முதல் பருவத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுவார்கள். அடுத்த தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது. ஆகவே அதில் படித்ததும் பரணுக்குப் போய்விடும். அறிவியலோ அப்படிப் பிரிந்து நிற்கிற விஷயம் அல்ல. ஜூலையில் சொன்னது நவம்பரில் வேண்டும், நவம்பரில் சொன்னது மார்ச்சில் வேண்டும். அந்தத் தொடர்பை யாராவது கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக நாங்கள் போட்டுக்கொண்ட ஒரு பெரிய தாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதைப் பாட வரைபடம் என்று சொல்லலாம். வழக்கமாக ஆசிரியர் எழுதும் ஆண்டுத் திட்டத்தில் எந்த மாதம் எந்தப் பாடம் என்று இருக்கும். இந்த வரைபடத்தில் ஒரு கருத்து எந்தெந்தப் பருவத்தில் திரும்ப வருகிறது, திரும்பும்போது என்ன கூடுதலாகக் கொண்டு வருகிறது என்று இருக்கும். இதற்குப் பின்னால் உள்ள எண்ணம் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வெளியிட்ட 'கல்வியின் செயல்முறை' என்ற நூலில் இதை விளக்கினார். கடினமான கருத்தையும் சிறு பிள்ளைக்கு அதன் அளவில் நேர்மையாகச் சொல்ல முடியும், பிறகு அதே கருத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆழப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஆசிரியர் பயிற்சியில் இதைச் சுருள் முறை என்று படித்திருப்போம். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், தணிகை மலைக்கு வண்டி ஏறும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் கீழே தெரிவது அதே ஊர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் விரிவாகத் தெரியும்.

2018-19இல் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தபோது மூன்று பருவத்தின் பாடத் தலைப்புகளையும் ஒரே சார்ட் தாளில் எழுதினோம். முதல் பருவத்தில் அளவீடுகள், விசையும் இயக்கமும், நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள் என்று தொடங்கும். இரண்டாம் பருவத்தில் வெப்பம், மின்னியல், நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள், காற்று, செல் முதலியவை. மூன்றாம் பருவத்தில் காந்தவியல், நீர், அன்றாட வாழ்வில் வேதியியல் முதலியவை. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் குறுக்கே ஓடும் சரடுகள் கண்ணில் படும். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே முழுதாகச் சொல்கிறேன். அதற்குத் 'துகள்' என்று பெயர் வைத்தோம்.

வரைபடத்தில் இந்தச் சரடுக்கு மூன்று கட்டங்கள், பருவத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே வரிகள்: பிள்ளை ஏற்கெனவே எதைக் கொண்டு வருகிறது, இப்போது எது புதிது, வந்து சேர்ந்ததா என்று எந்தக் கேள்வியால் தெரிந்துகொள்வது. மூன்றாவது வரிதான் எழுதக் கடினமானது, பயன் மிகுந்ததும் அதுவே.

முதல் பருவத்தின் கட்டம் எளிது. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களால் ஆனது, துகள்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, அவை அசைந்துகொண்டே இருக்கும். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், நம்ப மாட்டார்கள். ஆகவே பொட்டாசியம் பர்மாங்கனேட் படிகம் இரண்டு மூன்றை 100 மில்லி தண்ணீரில் போடுவோம். கரும் ஊதா நிறம் பரவும். அதிலிருந்து 10 மில்லி எடுத்து 90 மில்லி புதுத் தண்ணீரில் விடுவோம். அதிலிருந்து மறுபடி 10 மில்லி. மூன்றாவது தடவையில் வெளிர் ரோஜா நிறம்தான் இருக்கும், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஆயிரம் மடங்கு நீர்த்த பிறகும் நிறம் இருக்கிறதென்றால், அந்தச் சிறு படிகத்துக்குள் எத்தனை துகள் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

அன்றே ஒவ்வொரு பிள்ளையும் கோடு போடாத நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டத்தில் மட்டும், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று புள்ளிகளால் வரைய வேண்டும். மற்ற இரண்டும் காலியாக இருக்கும். புத்தகம் பரணுக்குப் போனாலும் இந்த நோட்டு போகாது. ஆசிரியர் கையில் இருக்கும் பெரிய வரைபடத்தின் சிறு பிரதி அது.

இரண்டாம் பருவத்தில் வெப்பம் என்ற பாடமும் மாற்றங்கள் என்ற பாடமும் வருகின்றன. அக்டோபரில் புது விஷயம் இதுதான்: சூடேறினால் துகள்கள் வேகமாக அதிரும், அவற்றின் இடைவெளி கூடும், அதனால் பொருள் விரிவடையும். உலோகக் குண்டும் வளையமும் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். குளிர்ந்த குண்டு வளையத்துக்குள் போகும், சூடாக்கினால் போகாது. "ஏன்?" என்றால், "சூட்டில் விரிந்துவிட்டது சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கேதான் நிற்க வேண்டும். நோட்டை எடுத்து இரண்டாம் கட்டத்தில் சூடான குண்டின் உள்ளே வரையச் சொன்னால், பாதிப் பேர் புள்ளிகளைப் பெரிதாக வரைவார்கள். அதாவது துகளே வீங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். இட்லி மாதிரி உப்பிவிட்டதாக எண்ணம். வாயால் கேட்டால் இது வெளியே வராது. படத்தில்தான் வரும். புள்ளியின் எண்ணிக்கையும் அளவும் அதேதான், இடைவெளிதான் கூடியிருக்கிறது என்பதை அவர்களே திருத்தி வரைந்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போவோம்.

அடுத்து மாற்றங்கள். இதில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. திருத்தணி 1960 ஏப்ரலில்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். தெலுங்கில் ஐஸ் உருகினாலும் 'கரிகிந்தி', உப்பு கரைந்தாலும் 'கரிகிந்தி'. ஒரே சொல். தமிழ்ப் பிள்ளைகளும் பேச்சில், "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே உருகுதலும் கரைதலும் இரண்டு பேர் மனதிலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். உருகுவதற்குச் சூடு மட்டும் போதும், பொருள் ஒன்றுதான். கரைவதற்கு இரண்டு பொருள் வேண்டும், ஒன்றின் துகள் மற்றதன் துகள்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்ல முதல் பருவத்தின் துகள் கையில் இருந்தால்தான் முடியும். இல்லாவிட்டால் இரண்டு சொற்களுக்கு இரண்டு வரையறையை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடும்.

கரைந்த உப்பு 'மறைந்துவிட்டது' என்ற எண்ணம் இன்னொரு முள். அதை எடுக்கக் கடைத் தராசு போதும். ஒரு டம்ளரில் 100 கிராம் தண்ணீர், ஒரு துண்டுக் காகிதத்தில் 10 கிராம் உப்பு, இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்து எடையைக் கரும்பலகையில் எழுதுவோம். உப்பைக் கொட்டிக் கலக்கிய பிறகு எடை என்னவாக இருக்கும் என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொல்வோம். குறையும் என்று தூக்கும் கைகள் நிறைய இருக்கும். கலக்கிய பிறகும் எண் மாறாது. இதில் ஒரு எச்சரிக்கை. உப்பு இருந்த காகிதத்தையும் கலக்கிய கரண்டியையும் இரண்டு முறையும் தட்டில் வைத்தே நிறுக்க வேண்டும். மறந்தால் ஓரிரு கிராம் குறைந்து காட்டும். "பாத்தீங்களா சார், உப்பு போயிடுச்சு!" என்று பின் வரிசையில் ஒருவன் எழுந்துவிடுவான். அதன் பிறகு அவனை மாற்றுவது பெரும்பாடு.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி இருந்தாள். நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. முதல் பருவத் தேர்வில் அவள் மதிப்பெண் குறைவு. வரையறை எழுதும் கேள்விகளில் தமிழ்ச் சொற்கள் அவளுக்குத் தடுக்கின. தராசுச் சோதனை அன்று மட்டும் அவள் கை, மாறாது என்ற பக்கம் உயர்ந்திருந்தது. காரணம் கேட்டேன். "சாயம் தண்ணியில கலந்தா காணாம போகாது சார், நூல்ல ஏறி வரும்ல" என்றாள். தண்ணீர் சூடாக இருந்தால் சாயம் சீக்கிரம் கரையும், சரியாகக் கரையாவிட்டால் நூலில் திட்டுத் திட்டாக நிற்கும் என்றும் சொன்னாள். துகள், வெப்பம், கரைதல் மூன்றையும் அவள் வீட்டுத் தொட்டியிலேயே பார்த்திருக்கிறாள். அவளிடம் இல்லாதது சொல் மட்டும்தான். பருவத் தேர்வு அந்தச் சொல்லை மட்டும் அளந்தது. அதே கருத்து மறுபடி வரும்படி வரைபடம் இருந்ததால், தான் அறிந்ததைச் சொல்ல அவளுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. அவள் நோட்டின் இரண்டாம் கட்டத்தில் தண்ணீர்ப் புள்ளிகளுக்கு நடுவே சாயப் புள்ளிகள் இருந்தன, அளவு மாறாமல்.

மூன்றாம் பருவத்தில் நீர் என்ற பாடம். ஆவியாதல், குளிர்ந்து நீராதல், மேகம், மழை என்று படம் போட்ட நீர்ச் சுழற்சி. பிள்ளைகள் அம்புக்குறியோடு அழகாக வரைந்துவிடுவார்கள். புரிந்ததா என்று பார்க்க எங்கள் வரைபடத்தின் மூன்றாவது வரியில் இருந்த கேள்வி வேறு. ஒரு எவர்சில்வர் சொம்பில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து மேசைமேல் வைப்போம். சில நிமிடத்தில் வெளியே முத்து முத்தாக நீர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"உள்ளேயிருந்து கசிந்தது" என்பதே முதல் பதில். அப்படியானால் உள்ளே சிவப்பு மசி கலப்போம். வெளியே வரும் துளி நிறமில்லாமல்தான் இருக்கும். அப்போது அடுத்த பதில் வரும், "மேல் வழியாக ஏறி வழிந்தது". தட்டால் மூடிவிடுவோம், அப்போதும் துளி வரும். கடைசியில் சொம்பைத் துடைத்துத் தராசில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்போம். காற்றில் ஈரம் இருக்கும் நாளில் ஒன்றிரண்டு கிராம் கூடும். உள்ளேயிருந்து கசிந்திருந்தால் எடை கூடியிருக்க வழியில்லை. வெளியிலிருந்துதான் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. வெளியே இருப்பது காற்று. அப்படியென்றால் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர்த் துகள் இருக்கிறது. குளிர்ந்த சொம்பில் பட்டதும் அதன் வேகம் குறைந்து, இடைவெளி சுருங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து துளியாகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்ல வேண்டுமானால் ஜூலையின் துகளும் வேண்டும், அக்டோபரின் வெப்பமும் வேண்டும். இரண்டில் ஒன்று பரணில் இருந்தால் சொல்ல வராது. நோட்டின் மூன்றாம் கட்டத்தில் இதை வரையும்போது முதல் இரண்டு கட்டங்களும் அதே பக்கத்தில் கண்முன் இருக்கும். காற்றில் புள்ளிகள் தள்ளித் தள்ளி, சொம்பின் மேல் நெருக்கமாக.

திரும்ப வருவதற்கும் திரும்பச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பருவத் தொடக்கத்தில், "போன பருவத்தில் என்ன படித்தோம்?" என்று கேட்டு, பிள்ளைகள் கோரஸாக ஒப்பித்தால் அது திரும்பச் சொல்வது. பழைய கருத்தை எடுத்தால்தான் புதிய கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்ற நிலை இருந்தால் அது திரும்ப வருவது. ஒரு பிள்ளை, "துகள்கள் அதிர்கின்றன" என்று சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் வீங்கிய புள்ளியை வரைந்திருந்தால், சொல் திரும்பியிருக்கிறது, கருத்து திரும்பவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு பாடவேளை ஒதுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பாடவேளை எங்கே கிடைக்கும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். காகிதத்தில் மூன்று பருவமும் ஒரே அகலம், நாட்காட்டியில் அப்படியில்லை. நம் ஊரில் ஆடிக் கிருத்திகை சமயத்தில் தெருவெல்லாம் காவடி, வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். இரண்டாம் பருவம்தான் மிகவும் குறுகியது. தீபாவளியும் மழை விடுமுறையும் அதில்தான் வரும். துகள் சரடில் மிகக் கடினமான படியும் அதே பருவத்தில் இருக்கிறது. ஆகவே தராசுச் சோதனையைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருந்தோம். அதைத் தள்ளிப்போட்டால் மழை விடுமுறை விழுங்கிவிடும், ஜனவரியில் சொம்பு வெறும் வேடிக்கையாகிவிடும்.

எல்லாப் பாடத்தையும் இப்படிச் சரடில் கோக்க முடியாது. காந்தவியல் ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில் ஒரு முறை வருகிறது. மறுபடி தனிப் பாடமாக வருவது எட்டாம் வகுப்பில்தான். அதை வலிந்து மூன்று பருவத்துக்கும் இழுத்தால் செயற்கையாக இருக்கும். வரைபடத்தில் நான்கு சரடுக்கு மேல் போட்டால் அதைப் பின்தொடர ஆசிரியருக்கே முடியாது. நாங்கள் துகள், ஆற்றல், செல், அளவீடு என்ற நான்கோடு நிறுத்திக்கொண்டோம். மற்றவை வழக்கம்போல் பாடமாக நடந்தன.

ஆண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால் இதெல்லாம் என்னவாகும் என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியில் மாறுதல் எப்போதும் உண்டு. அதனால்தான் தாளைச் சுவரில் ஒட்டினோம். புதிதாக வருபவர் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினால் என்ன நடத்தி முடித்தோம் என்று தெரியும். சுவரைப் பார்த்தால் பிள்ளைகள் எதைக் கையில் வைத்திருக்கிறார்கள், எந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்று தெரியும்.

ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் அணு அமைப்பு வருகிறது. அதுவரை வெறும் புள்ளியாக இருந்த துகளுக்குள் புரோட்டானும் எலக்ட்ரானும் வருகின்றன. இரண்டாம் பருவத்தில் வெப்பம் மற்றும் வெப்பநிலை என்ற பாடத்தில் வெப்பமானி வருகிறது. குழாயில் பாதரசம் ஏன் ஏறுகிறது என்பதற்குப் பதில் அந்த இரண்டாம் கட்டத்திலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பு நோட்டைப் பத்திரமாக வைத்திருந்த பிள்ளைகள் அதே பக்கத்தின் கீழே நான்காவது கட்டம் போட்டுக்கொண்டார்கள். பொதட்டூர்பேட்டைப் பெண்ணின் நோட்டில் நான்காவது கட்டத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரியும் இருந்தது: 'பாதரசத் துகள் பெருக்கவில்லை, விலகியது.' அந்த வருடத் தேர்வில் அவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பது எனக்கு நினைவில்லை, அந்த வரி நினைவிருக்கிறது.

வீட்டில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பேரப் பிள்ளை இருந்தால், இந்தக் கோடையில் ஒரு சொம்பு ஐஸ் தண்ணீரை மேசைமேல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பதிலை வாயால் சொல்ல விடாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்துப் புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள்.